விதைப் பாக்கெட்டின் பின்பக்கம்

மாடியில் காய்கறி போடுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் வரும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி விதை வாங்குறீங்க?" என்பதுதான். எங்கள் தெருவில் மட்டும் இப்போது ஏழு மாடிகளில் பை வைத்திருக்கிறார்கள். ஏழு பேரும் ஏழு கம்பெனி பெயரைச் சொல்வார்கள். ஒருவர் புகழ்கிற கம்பெனியை இன்னொருவர் திட்டுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவர் கைக்கும் வந்தது ஒரே கம்பெனி விதைதான், ஆனால் அது ஒரே வயதுள்ள விதை அல்ல.

என்னைக் கேட்டால், பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருக்கும் பெயரும் பளபளக்கும் தக்காளிப் படமும் நமக்கு அவ்வளவாக உதவாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், சோதனை செய்த நாள், எதுவரை செல்லும் என்ற நாள் எல்லாம் அங்கே இருக்கும். கடையில் விற்கிற விதைக்கு இந்த விவரங்கள் இருந்தாக வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. அரசு சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை. உற்பத்தி செய்தவரே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. தனியார் கம்பெனிகளின் காய்கறி விதை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

இதில் நான் முதலில் பார்ப்பது சோதனை நாள். பேக்கிங் நாளும் அதுவும் ஒன்றல்ல. சோதனை செய்ததிலிருந்து பொதுவாக ஒன்பது மாதம் கணக்கு. அந்த நாளின் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நான் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுவேன். மறுபரிசோதனை செய்து புது அட்டை போடுவதற்கு முறை இருக்கிறது என்றாலும், பத்து விதைக்காக அதை விசாரித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

முளைப்புத் திறன் என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். வெண்டைக்குக் குறைந்தபட்சம் 65 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, மிளகாய்க்கும் பாகல், சுரை போன்ற கொடிகளுக்கும் 60. நூற்றுக்கு நூறு முளைக்கும் என்று எந்த நேர்மையான கம்பெனியும் எழுதாது. நாம்தான் பத்து விதை போட்டு ஏழு முளைத்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறோம்.

அடுத்தது கடை. நம் ஊரைப் போன்ற வெயில் ஊரில் கம்பெனியை விடக் கடைதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். விதை உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, சூட்டில் வேகமாக விடுகிறது. ஹாரிங்டன் என்பவர் சொன்ன ஒரு கணக்கு விதைத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: வைத்திருக்கும் இடத்தில் வெப்பம் ஐந்து டிகிரி கூடினால் விதையின் ஆயுள் பாதியாகும். விதைக்குள் ஈரம் ஒரு சதவீதம் கூடினாலும் பாதியாகும். இது தோராயமான கணக்குதான். ஆனாலும் போட்டுப் பாருங்கள். உள்ளறையில் 28 டிகிரியில் இருந்த பாக்கெட்டும், கடை வாசலில் கம்பியில் கோத்து 38 டிகிரியில் தொங்கிய பாக்கெட்டும் ஒரே நாளில் ஒரே கம்பெனியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். வாசலில் தொங்கியதன் ஆயுள் நாலில் ஒன்றாகிவிடுகிறது. பின்பக்கத்து நாளோ இரண்டிலும் ஒன்றேதான். சித்திரை, வைகாசி முழுக்க வெயிலில் தொங்கிய பாக்கெட்டை ஆடிப்பட்டத்துக்கு வாங்குகிறவர் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

அதனால் நான் விவசாயிகள் வாங்குகிற கடையில்தான் வாங்குகிறேன். ஏக்கர் கணக்கில் நடுகிறவருக்கு விதை முளைக்காவிட்டால் மறுவாரமே கடை வாசலில் வந்து நிற்பார். அந்தப் பயம் கடைக்காரருக்கு உண்டு. பூச்செடியும் தொட்டியும் விற்கிற இடத்தில் பத்து ரூபாய்ப் பொட்டலம் வாங்குகிற நம்மைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. விதை விற்க உரிமம் வேண்டும், இருப்பும் விலையும் எழுதி வைக்க வேண்டும், வாங்குகிறவருக்குப் பில் தர வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. குவியல் எண் எழுதிப் பில் தருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பவரிடம் தொடர்ந்து போகலாம்.

ஒரு சங்கடம், விவசாயிகளுக்கான பாக்கெட் நமக்குப் பெரிது. பத்து கிராம் ஹைபிரிட் தக்காளியில் மூவாயிரம் விதைக்கு மேல் இருக்கும், விலையும் அப்படி. இதனால்தான் பெரிய பாக்கெட்டைப் பிரித்துச் சின்னச் சின்ன ஜிப் கவரில் போட்டு விற்கும் வியாபாரம் வந்தது. கவரில் 'தக்காளி' என்று மட்டும் எழுதியிருக்கும். ரகம் கிடையாது, நாள் கிடையாது. இப்படிப் பிரித்து விற்றாலும் லேபிள் வேண்டும் என்பதுதான் விதி. இணையத்தில் நாற்பது வகை விதை இருநூறு ரூபாய் என்று வருவதில் பெரும்பாலானவையும் இந்த ரகம்தான். அதில் கேரட், காலிபிளவர், முட்டைக்கோஸ் எல்லாம் இருக்கும். கொடைக்கானலில் போட வேண்டியதைப் பங்குனி வெயிலில் பழனி மாடியில் போட்டு என்ன செய்வது?

நாங்கள் செய்வது இது. தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். பிரிக்கும் முன் லேபிளைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம். மிச்ச விதையை இறுக்க மூடும் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்போம். எடுக்கும்போது பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து விதை ஈரமாகிவிடும். விதையில் இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் இருந்தால் அது பூஞ்சாண மருந்து. பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

போன வருஷம் வைகாசிக் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு வெண்டை இருந்தது. ஒன்று விவசாயக் கடையில் பில்லோடு வாங்கியது, சோதனை நடந்து நாலு மாதம். மற்றொன்று உறவினர் ஒருவர் கண்காட்சியில் வாங்கி வந்து அன்பாகக் கொடுத்த லேபிள் இல்லாத கவர். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொன்றிலும் இருபது விதையை எண்ணி வரிசையாக வைத்துச் சுருட்டி, பாலித்தீன் பையில் போட்டு, அடுக்களையில் நிழலான மூலையில் வைத்தேன். தினம் ஒரு தரம் பிரித்து ஈரம் பார்த்தேன். எட்டாம் நாள் எண்ணியபோது முதல் துணியில் 16, இரண்டாவதில் 3. அந்தக் கவரை அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

இருபது விதைக்கு 65 சதவீதம் என்றால் 13. உங்களுக்கு 11 வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். இவ்வளவு குறைந்த விதையில் ஒன்றிரண்டு முன்பின் ஆவது சகஜம். எட்டுக்குக் கீழே போனால் விதையில் கோளாறு என்று தைரியமாகச் சொல்லலாம். தக்காளிக்கும் எட்டு நாள் போதும், கத்தரிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம் கொடுங்கள். திண்டுக்கல்லில் விதைப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே மாதிரியாகக் கொடுக்க நம் பாக்கெட் பத்தாது. நமக்கு வேட்டித் துணிதான் ஆய்வகம். பில், பாக்கெட், மிச்ச விதை மூன்றும் கையில் இருந்தால் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பில் இல்லாவிட்டால் அவராலும் அதிகம் செய்ய முடியாது.

இந்தத் துணிச் சோதனைக்கு இன்னொரு பயன் உண்டு. குற்றம் விதையிலா, மாடியிலா என்று அது காட்டிவிடும். துணியில் முளைத்தது பையில் முளைக்கவில்லை என்றால் வெயிலில் காய்ந்த பையின் மேல்மண் விதையை அவித்துவிட்டது என்று அர்த்தம். கோடையில் குழித்தட்டில் போட்டு, மாடிப்படி நிழலில் வைத்து, நாற்றாக்கிய பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். முளைத்து வளர்ந்து பூத்த பிறகும் சிலர் விதையைத்தான் குறை சொல்வார்கள். தக்காளி கோடையில் பூவாகவே உதிர்ந்துபோகும். ராத்திரியிலும் சூடு 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பகலெல்லாம் சூடான கான்கிரீட் ராத்திரி முழுக்க அனல் விடும் இடத்தில் எந்தக் கம்பெனி என்ன செய்ய முடியும்? மாசி, பங்குனியில் கொத்தவரை, வெண்டை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை போடுங்கள். தக்காளியை ஆனி, ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை நம் பக்கத்திலேயே நல்லது இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 தக்காளி, அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவானது, வறட்சி தாங்கும். தோளில் பச்சை இருக்கும், தட்டையாக இருக்கும், கடைத் தக்காளி போல அழகு கிடையாது. குழம்புக்கு அதன் புளிப்புதான் வேண்டும். ஹைபிரிட் அல்லாத ரகம் என்பதால் பழத்திலிருந்து நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். வெண்டைக்கு மட்டும் நான் தேமல் நோயைத் தாங்கும் ஹைபிரிட்டை ஒத்துக்கொள்கிறேன். கோடையில் வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமல், தாங்காத ரகத்தை ஒரு மாதத்தில் மஞ்சளாக்கிவிடும். நான் பார்த்தவரை, மற்றபடி பன்னிரண்டு அங்குலப் பையில் விலை உயர்ந்த ஹைபிரிட்டின் விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

பல்கலைக்கழக விதைக்குக் கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் விதை மையம் இருக்கிறது. அர்கா என்று தொடங்கும் ரகங்களை பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இணையம் வழியாகவும் விற்கிறது. விதையே வேண்டாம், ஐந்து செடி போதும் என்பவர்கள் திண்டுக்கல் போகும் வழியில் ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் காய்கறி மகத்துவ மையத்தைப் பார்க்கலாம். இஸ்ரேல் கூட்டுறவில் அமைந்தது, குழித்தட்டில் நாற்று வளர்க்கிறார்கள். எந்த நாற்றங்காலாக இருந்தாலும் என்ன ரகம், எப்போது விதைத்தது என்று கேளுங்கள். தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது சரி. தட்டில் வேர் சுருண்டு வெளியே தொங்கும் நாற்று சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

விதைத் திருவிழாக்களில் நாட்டு விதை கொண்டுவருபவர்களிடம் லேபிள் இருக்காது. தன் நிலத்தில் விளைந்ததைப் பெயரிட்டு விற்காமல் நேராகக் கைமாற்றும் விவசாயிக்குச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. அவரிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எந்த மாதம் எடுத்த விதை? பக்கத்தில் வேறு சுரை, வேறு பாகல் இருந்ததா? கொடி வகையில் தேனீ கலப்புச் செய்துவிடும். போன தை மாதம் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். "கத்தரி கொண்டுபோங்க சார், அது புரட்டாசில எடுத்தது. சுரை வேண்டாம், பக்கத்துக் காட்டுல குண்டுச் சுரை போட்டிருந்தாங்க" என்றார். கத்தரியோடு, நான் கேட்காத கொத்தவரையும் ஒரு பிடி வாங்கிக்கொண்டு வந்தேன்.