பத்துப் பங்கு நூறானபோது

2025 ஜூன் 16 பஜாஜ் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பதிவு நாள். அன்று பத்துப் பங்குகள் வைத்திருந்தவரின் டீமேட் கணக்கில் சில நாட்களுக்குள் நூறு பங்குகள் இருந்தன. அந்நிறுவனம் இரண்டு செயல்களை ஒரே நாளில் செய்தது. முதலில் ரூ. 2 முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் ரூ. 1 முகமதிப்புள்ள இரண்டாகப் பிரித்தது. அவ்வாறு பிரிந்த ஒவ்வொரு பங்குக்கும் நான்கு போனஸ் பங்குகளை வழங்கியது. பத்து இருபதாயிற்று, இருபதுக்கு எண்பது சேர்ந்து நூறாயிற்று. சந்தை விலையும் அதற்கேற்பப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததால் முதலீட்டாளரின் செல்வத்தில் மாற்றம் ஏதுமில்லை.

ஆனால் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அந்த நூறு பங்குகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. பிரிப்பால் வந்த இருபதும் பழைய பங்குகளின் தொடர்ச்சியே. பழைய அடக்கவிலை அவற்றின்மீது பகிர்ந்து அமைகிறது. வைத்திருந்த காலமும் முதலில் வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. போனஸாக வந்த எண்பதோ புதிதாகப் பிறந்த பங்குகள். அவற்றின் அடக்கவிலை சுழியம்; அவற்றின் காலம் ஒதுக்கீட்டு நாளன்றுதான் தொடங்குகிறது. பதிவு நாளுக்கு அடுத்த வேலைநாளே இப்போது ஒதுக்கீட்டு நாளாகக் கொள்ளப்படுவதால், இங்கே அது ஜூன் 17.

இந்த வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கால் காண்போம். சம்பளத்தால் ஏற்கெனவே வரி வரம்பில் இருக்கும் ஒருவர் 2024 ஏப்ரலில் பங்கு ஒன்று ரூ. 7,000 வீதம் பத்துப் பங்குகளை ரூ. 70,000-க்கு வாங்கினார் என்று கொள்வோம். 2025 நவம்பரில் குடும்பச் செலவொன்றுக்காக நூறு பங்குகளையும் ரூ. 1,000 வீதம் விற்கிறார். கையில் வருவது ஒரு லட்சம். உண்மையான ஆதாயம் ரூ. 30,000. அவருடைய தரகு நிறுவனத்தின் செயலியும் சராசரி விலை ரூ. 700 என்றும் பங்கொன்றுக்கு ஆதாயம் ரூ. 300 என்றுமே காட்டக்கூடும். வாங்கி ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டதே, நீண்ட கால ஆதாயம் ரூ. 1,25,000 வரை வரியற்றதே என்று அவர் நிம்மதியாக இருக்கிறார்.

சட்டம் இக்கணக்கை வேறுவிதமாகப் போடுகிறது. பிரிப்பால் வந்த இருபது பங்குகளின் அடக்கவிலை ரூ. 70,000, அதாவது ஒன்று ரூ. 3,500. விற்றுக் கிடைத்தது ரூ. 20,000. ஆகவே நீண்ட கால நட்டம் ரூ. 50,000. எண்பது போனஸ் பங்குகள் ரூ. 80,000-க்கு விற்றன, அடக்கம் இல்லாததால் முழுத்தொகையும் ஆதாயம். ஒதுக்கீடாகி ஓராண்டு ஆகாததால் அது குறுகிய கால ஆதாயம். நீண்ட கால நட்டத்தைக் குறுகிய கால ஆதாயத்தில் கழிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. எனவே ரூ. 80,000 மீது 20 சதவீதமான ரூ. 16,000 வரியும், அதன்மேல் 4 சதவீதத் தீர்வையாக ரூ. 640-உம் செலுத்த வேண்டும். முப்பதாயிரம் ஈட்டியவர் அதில் பாதிக்கும் மேல் வரியாகத் தருகிறார்.

அதே பங்குகளை அதே விலைக்கு 2026 ஜூன் 17 கடந்தபின் விற்றிருந்தால் எண்பதும் நீண்ட காலப் பங்குகளாகியிருக்கும். ரூ. 80,000 ஆதாயத்தில் ரூ. 50,000 நட்டம் கழிந்து எஞ்சும் ரூ. 30,000, அவ்வாண்டில் வேறு நீண்ட கால ஆதாயம் பெரிதாக இல்லாத நிலையில், வரி வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். முன்னரே விற்றவரின் ரூ. 50,000 நட்டமும் அடியோடு வீணாவதில்லை. உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் அதை எட்டு ஆண்டுகள் வரை முன்கொண்டு சென்று, பின்வரும் நீண்ட கால ஆதாயத்தில் கழிக்கலாம். ஆனால் ரூ. 16,640 இன்று போகிறது. கழிவு என்றோ ஒருநாள் வருகிறது. சிறு முதலீட்டாளரின் ஆதாயம் பெரும்பாலும் வரியற்ற வரம்பைத் தாண்டுவதேயில்லை என்பதால், அக்கழிவு அவருக்குப் பயன்படாமலே போகவும் கூடும்.

இவ்விதி எப்போதும் இப்படி இருந்ததில்லை. டால்மியா இன்வெஸ்ட்மென்ட் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம், பழைய பங்குகளின் விலையைப் பழையவை புதியவை அனைத்தின்மீதும் சமமாகப் பரப்புவதே முறை என்று கொண்டது. 1995-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை மாற்றிப் போனஸ் பங்கின் அடக்கவிலையைச் சுழியமாக்கியது. கணக்கிட எளிது என்பது மெய்தான். போனஸ் வரும்போதெல்லாம் பழைய விலையைத் திருத்த வேண்டியதில்லை. ஆயினும் பிரிப்புக்கு ஒரு நீதி, போனஸுக்கு வேறு நீதி என்பது எமக்கு உடன்பாடன்று. முதலீட்டாளரின் நிலையில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் அவர் புதிதாக ஒன்றையும் பெறுவதில்லை. பரப்பும் முறையே நியாயத்துக்கு நெருக்கமானது என்பது எம் கருத்து. கணினி கணக்கிடும் இக்காலத்தில் எளிமையைக் காரணம் காட்டுவதும் வலுவிழந்துவிட்டது.

சட்டம் மாறும்வரை, விற்குமுன் எந்தப் பங்கு முதலில் போகிறது என்பதை அறிந்திருத்தல் நலம். ஒரு டீமேட் கணக்கில் முதலில் வந்ததே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மேற்கண்டவர் முப்பது பங்குகளை மட்டும் விற்றிருந்தால் முதல் இருபதும் பழையவை. அடுத்த பத்தே போனஸ். குறுகிய கால ஆதாயம் ரூ. 10,000 அளவில் நின்றிருக்கும். இவ்விதி கணக்குதோறும் தனித்தனியே பொருந்தும் என்பதால், இரண்டு டீமேட் கணக்கு உடையவர் எதிலிருந்து விற்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதிவேடுகளிலும் பிழை நேர்வதுண்டு. முகமதிப்பு மாறும்போது பங்கின் ஐஎஸ்ஐஎன் எண்ணும் மாறுகிறது. பழைய எண்ணில் பத்துப் பங்குகள் கழிந்து, புதிய எண்ணில் இருபது வரவாகின்றன. அந்த வரவு நாளையே வாங்கிய நாளாக ஏதேனும் ஓர் அறிக்கை எடுத்துக்கொண்டால், நீண்ட காலப் பங்கு குறுகிய காலமாகத் தோன்றும். இதைக் கண்டறிவது எளிது: அறிக்கையில் வாங்கிய தேதி பிரிப்பு நாளை ஒட்டியும், அடக்கவிலை வெற்றாகவும் இருக்கும். வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அப்படிக் கண்டால், முதலில் வாங்கிய ஒப்பந்தச் சீட்டைக் கொண்டு சரியான தேதியையும் விலையையும் கணக்கில் காட்டலாம். அச்சீட்டைப் பத்திரப்படுத்தாதோர் பலர் என்பதை நாம் அறிவோம்.

சுழியம் என்பதற்கு விலக்கு ஒன்று உண்டு. 2018 ஜனவரி 31 வரை ஒதுக்கீடான, பட்டியலிட்ட போனஸ் பங்குகளுக்கு அந்நாளின் உச்ச விலையை அடக்கமாகக் கொள்ளலாம். விற்ற விலை அதனினும் குறைவாயின் விற்ற விலையே அடக்கம். அதன்பின் பங்கு பிரிந்திருந்தால் அந்த உச்ச விலையையும் அதே விகிதத்தில் வகுத்தாக வேண்டும். வகுக்க மறந்தவருக்கு ஆதாயமே இல்லாததுபோலத் தோன்றும். பின்னர் அறிவிக்கை வரும்.

போனஸை எதிர்நோக்கி வாங்குவோருக்கு வேறொரு தடையும் உள்ளது. பதிவு நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் வாங்கிய பங்கை, அந்நாளுக்குப் பிந்தைய ஒன்பது மாதங்களுக்குள் நட்டத்தில் விற்று, போனஸ் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டால், அந்நட்டம் ஏற்கப்படாது. அத்தொகை கையிலுள்ள போனஸ் பங்குகளின் அடக்கவிலையாகும். பரஸ்பர நிதி அலகுகளுக்கு மட்டும் இருந்த இவ்விதி, 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் பங்குகளுக்கும் விரிந்தது. நம் எடுத்துக்காட்டில் வந்தவர் பதிவு நாளுக்கு ஓராண்டுக்கும் முன்பே வாங்கியதால் இது அவரைத் தொடவில்லை.