பீலி நின்றபோது

கலவானைக்கு அப்பால் மலைச்சரிவிலுள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள், தாங்கள் எடுத்த குறும்படமொன்றைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுமாறு என்னிடம் கேட்டார்கள். ஒரு போட்டிக்காக எடுத்தது. நாற்பத்தைந்து செக்கன்களுக்கு மேல் ஒரு செக்கனும் போகக்கூடாது என்பது நிபந்தனை. பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்தவனுக்கு இவ்வகை நிபந்தனைகள் புதியனவல்ல. ஆறு அங்குல இடத்தில் ஒரு கொலைவழக்கைச் சொல்லி முடித்த காலங்கள் நினைவுக்கு வந்தன.

கதை மண்சரிவைப் பற்றியது. மழை இரவு, லயன் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம், மேலே மலை. அவர்கள் எடுத்திருந்த முதற் பிரதியில் மின்னல் இருந்தது, இடி இருந்தது, இணையத்திலிருந்து இறக்கிய பின்னணி இசை இருந்தது, தாய் ஒருத்தியின் அலறலும் இருந்தது. காட்சிகளை எண்ணினேன், இருபத்தாறு. பார்த்து முடித்ததும் எனக்குத் தலைவலி வந்ததே தவிர, நெஞ்சு ஒருகணமும் படபடக்கவில்லை. இதை அவர்களிடம் மறைக்காமற் சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல், "அப்போ என்ன செய்யணும் ஐயா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான விடையைத் தேடியதில் நான் கற்றுக்கொண்டவையே இப்பதிவு.

திகைப்பு வேறு, பதைப்பு வேறு. அல்பிரட் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதை ஒரு மேசைக்கடியிலுள்ள வெடிகுண்டை வைத்து விளக்கினார். குண்டு இருப்பது எவருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்வையாளன் ஒருகணம் திகைப்பான். பார்வையாளனுக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருக்குத் தெரியாமல் இருந்தால், அவர்களுடைய வெட்டிப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் அவனை வதைக்கும். நம் இளைஞர்களின் படத்தில் குண்டு வெடித்துக்கொண்டே இருந்தது. அது இருப்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அப்படியானால் அந்த மலைச்சரிவில் குண்டு எது? நான் கேட்டபோது மூவரில் இளையவன் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னான். 2017 மே மாதம் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்களை மழையும் மண்சரிவும் சூறையாடி, நாடு முழுவதிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்களே, அப்போது கலவானைப் பகுதியும் பெரும் அழிவுக்கு உள்ளானது. அந்த நாட்களில் தங்கள் லயத்துப் பீலியில் தண்ணீர் திடீரென நின்றதாகவும், அதைக் கவனித்த அவனுடைய அம்மாயி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறியதாகவும் சொன்னான்.

தோட்ட வாழ்க்கை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மலையூற்றையோ ஓடையையோ குழாய் வழியாகவோ தகட்டு வழியாகவோ திருப்பி, லயத்தருகே நீர் விழச் செய்திருக்கும் இடமே பீலி. குடிப்பதும் குளிப்பதும் ஊர்வம்பு பேசுவதும் அங்கேதான். இரவும் பகலும் அதன் ஓசை கேட்டுக்கொண்டே இருப்பதால் எவரும் அதைக் கேட்பதில்லை. கனமழைக்குப் பின் நீர் பெருகத்தான் வேண்டும். பெருகாமல் குறைந்தாலோ நின்றாலோ, மேலே சரிந்த மண் ஓடையை மறித்திருக்கலாம். அல்லது நிலம் அசைந்து ஊற்றின் வழி மாறியிருக்கலாம். ஊற்று திடீரென வற்றுவதும், புதிதாகத் தோன்றுவதும், தெளிந்த நீர் சேறாக மாறுவதும், நிலத்தில் வெடிப்பு விழுவதும், மரங்களும் கம்பங்களும் சாய்வதும் மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மக்களுக்குச் சொல்லிவருகிறது.

"தம்பி, உன் படம் இதுதான்" என்றேன். ஓர் ஓசை நின்றுபோவது. வேறெதுவும் வேண்டாம்.

இது புதிய உத்தியன்று. 1942 இல் வால் லூட்டன் தயாரித்து ஜாக் தூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடந்து செல்வாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகாலணி ஓசை தொடரும். ஒரு கட்டத்தில் அது நின்றுவிடும். அங்கேதான் பயம் தொடங்குகிறது. அந்தக் காட்சியில் மிருகம் எதையும் காட்டவில்லை, காட்டாததே வெற்றியாயிற்று. அதற்கும் முன், 1931 இல், ஃபிரிட்ஸ் லாங் தம் 'எம்' படத்தில் சிறுமி கொல்லப்படுவதைக் காட்டவேயில்லை. தாய் மகளின் பெயரைக் கூவி அழைக்கும் குரல் மட்டும் கேட்கும். திரையில் ஆளற்ற மாடிப்படி, சாப்பாட்டு மேசையில் வெறுமையான இடம், புல்லில் உருண்டு வரும் பந்து, மின்கம்பியில் சிக்கிய பலூன். பேசும் படம் அப்போதுதான் பிறந்திருந்தது. பிறந்தவுடனேயே அதன் முழு வலிமையையும் கண்டுகொண்ட மனிதர்!

ஆனால், நின்றுபோகும் ஓசைக்கு ஒரு சிக்கல் உண்டு. முதலில் கேட்காத ஓசை நின்றால் எவனுக்கும் தெரியாது. பீலியோசை தொடர்ந்து ஒரே சீராகக் கேட்டால் பத்தாவது செக்கனில் காது அதைத் தள்ளிவைத்துவிடும். ஆகவே அதைக் கவனிக்க வைக்க வேண்டும். இதற்கு வழி சொன்னவன் நானல்லன், அவர்களில் ஒலிப்பதிவு செய்தவன். பீலியின் கீழ் வெறுங்குடம் ஒன்றை வைத்துவிடலாம் என்றான். குடம் நிறைய நிறைய நீரின் சுருதி மேலேறும் என்பதைத் தண்ணீர் பிடித்த எவரும் அறிவர். ஏறும் சுருதியைக் கேட்கும் மனம், அது விளிம்பைத் தொடும் கணத்துக்காகத் தன்னையறியாமற் காத்திருக்கும். பாதியில் நின்றால், கேட்பவனின் உள்ளத்திலும் ஏதோ பாதியில் நிற்கும். இதைவிட மலிவான கடிகாரத்தை எந்தப் படப்பிடிப்புத் தளத்திலும் வாங்க முடியாது.

இன்னொரு சிக்கல் தகரக் கூரை. பெருமழை பெய்யும்போது அதன் கீழ் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. பீலி எங்கே கேட்கப்போகிறது? அதனால் கதையை மழை ஓய்ந்தபின் தொடங்கச் சொன்னேன். இறவாரத்திலிருந்து சொட்டும் துளிகள் மட்டும் போதும். இது படத்துக்காகச் செய்த பொய்யுமன்று. நீர் மண்ணுக்குள் இறங்கி ஊறியிருப்பதால், மழை விட்ட பிறகும் மலை சரிவதுண்டு. ஓய்ந்த மழையை நம்பி உறங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டாம் பிரதி இவ்வாறு அமைந்தது. அறைக்குள் ஒரே கோணம், கமரா அசைவதில்லை. அம்மாயி அடுப்பருகே ரொட்டி தட்டுகிறாள். பேத்தி தரையில் பாடம் எழுதுகிறாள். திறந்த கதவுக்கு வெளியே இருட்டு. அங்கே குடம் நிறையும் ஓசை, சுருதி ஏறிக்கொண்டு. இருபதாவது செக்கனளவில் நீர் மெலிகிறது, நூலாகிறது, துளியாகிறது, நிற்கிறது. அம்மாயி ரொட்டி தட்டிக்கொண்டே இருக்கிறாள், கேட்கவில்லை. சிறுமி எழுத்திலிருந்து தலை தூக்காமலே, "அம்மாயி, பீலி நின்னுபோச்சு" என்கிறாள். படத்தின் ஒரே வசனம் அதுதான். கை அந்தரத்தில் நிற்கிறது. மூன்று செக்கன்கள் எதுவுமில்லை. பிறகு தட்டிலிருக்கும் தேத்தண்ணிப் பேணிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசி நடுங்குகின்றன.

அடுத்து என்ன என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. அவர்களுடைய எழுத்துப் பிரதியில், தகப்பன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஏன் நின்றதெனப் பார்க்க ஓடைவழியே மேலே போகிறான். பதைப்புக்கு இதைவிடச் சிறந்த முடிவு கிடையாது என்பது அவர்கள் வாதம். திரைக்கதை இலக்கணப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் மறித்த மண்ணுக்குப் பின்னால் தேங்கும் நீர் உடைத்துக்கொண்டு வரும்போது, கல்லும் மரமும் சேறுமாக அந்த ஓடைவழியேதான் இறங்கும். அந்நேரத்தில் மனிதன் நிற்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அதுவே. இப்படத்தைப் பார்க்கப்போகிறவர்களில் ரொறன்ரோவில் இருப்பவன் பொழுதுபோக்குக்காகப் பார்ப்பான். பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவன் அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வான், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். டோர்ச்சோடு மேலே போகும் வீரனை அவனுக்குக் காட்ட எனக்குச் சம்மதமில்லை என்றேன். ஒரு மணித்தியாலம் பேசினோம். கடைசியில் தகப்பன் கதாபாத்திரமே நீங்கியது.

இப்போது அம்மாயி எழுந்து சிறுமியின் கையைப் பற்றுகிறாள். எதையும் எடுக்கவில்லை. இருவரும் கதவைக் கடந்து, ஓடை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறார்கள். மீதிப் பத்துச் செக்கன்களும் ஆளற்ற அறைதான். ரொட்டி கருகுகிறது. பேணிகள் நடுங்குகின்றன. மலை இறங்கியதா என்று நாம் அறிவதில்லை.

தொழில்நுட்பத்தில் இரண்டு தவறுகள் நேர்ந்தன. படம் எடுக்க எண்ணுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். முதலாவது, அந்த மூன்று செக்கன் அமைதி பாழாகியிருந்தது. கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி, சத்தம் குறைந்ததும் தானே தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. நீரோசை நின்றவுடன் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் பொங்கி எழுந்தது. காதுக்குள் செருகும் கருவியோடு கேட்டால் உடனே பிடிபடும். தானியங்கிச் சமன்பாட்டை நிறுத்தக்கூடிய செயலி ஒன்றைக் கொண்டு, இறவாரச் சொட்டை மட்டும் இரண்டு நிமிடம் தனியே பதிவுசெய்து படம் முழுவதற்கும் அடியில் விரித்தார்கள். நீரோசை அதன்மேல் தனித் தடமாக வந்து நிற்கிறது. முற்றிலும் ஒலியற்ற வெறுமையை வைக்கக்கூடாது. பார்ப்பவன் கருவி பழுதென்று நினைத்து ஒலியைக் கூட்டப் போய்விடுவான்.

இரண்டாவது, முதலில் பேணிகள் இருக்கவில்லை; மலையின் ஆழ்ந்த உறுமல் இருந்தது. கணினியில் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்தோம், ஒன்றுமேயில்லை. அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் அத்தனை தாழ்ந்த சுருதியைத் தர முடியாது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில்தானே பார்க்கப்போகிறார்கள்? உறுமலால் நடுங்கும் பொருளின் ஓசையை வைத்தால் உறுமல் இருப்பதைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். பேணிகள் இப்படி வந்து சேர்ந்தவை.

படத்தைப் பார்த்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார். எல்லாச் சரிவும் பீலியை நிறுத்திவிட்டா வருகிறது? நியாயமான கேள்வி. எந்த அறிகுறியும் தராமல் இறங்கும் மலைகளும் உண்டு. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 ஐ எட்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம் என்பதே மண்சரிவு எச்சரிக்கைக்கு வகுக்கப்பட்ட அளவு. பீலியைக் காத்திருப்பது அதற்கு ஈடாகாது. இதை வசனமாகச் சேர்ப்பதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆனால் கதவோரத்துச் சுவரில், பிளாஸ்டிக் போத்தலை வெட்டிக் கோடு கீறிய மழைமானி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அம்மாயி வெளியேறும்போது அவளுடைய தோள் அதில் இடிக்கிறது. கடைசிக் கோட்டுக்கு மேலே நிற்கும் தண்ணீர் ஒருமுறை தளும்பி அடங்குகிறது.

மொத்தம் நாற்பத்துநான்கு செக்கன்கள் வந்தது. மிஞ்சிய ஒன்றை அமைதியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.