‘2 நாளில் அனுப்புவோம்’னு கண்ணை மூடிட்டு போடாதீங்க: லிஸ்டிங்கில் உண்மையான தேதி வைப்பது எப்படி?



மாசச் சம்பளத்தோட ஆன்லைன்லயும் ஏதாவது விற்கலாம்னு இறங்குறவங்க விலை, போட்டோ, கமிஷன் எல்லாத்தையும் நல்லா யோசிக்கிறாங்க. ஆனா லிஸ்டிங் போடும்போது வர்ற ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் யோசிக்காம நிரப்பிடறாங்க. அதுதான் ‘ஹேண்ட்லிங் டைம்’. எட்ஸியில் இதுக்குப் பேரு ‘பிராசஸிங் டைம்’. ஆர்டர் வந்ததிலிருந்து பார்சல் கூரியர் கைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்னு கேக்குற கட்டம் அது. இதோட கூரியர் பயண நாளையும் சேர்த்துத்தான், ‘இந்தத் தேதிக்குள் கிடைக்கும்’னு தளம் வாங்குறவருக்குக் காட்டுது.

அந்தக் கட்டத்தில் போட வேண்டியது நம்மளோட சிறந்த நாளின் வேகம் இல்ல, சாதாரணமான ஒரு மோசமான வாரத்தின் வேகம். இதுதான் என் கருத்து. ஏன்னு நம்ம ஊர் உதாரணத்தோடயே பார்ப்போம்.

புதுச்சேரி பக்கத்துல இருக்கிற வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. நீங்க ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கிட்டே, அங்கே ஒரு குயவர்கிட்ட சுடுமண் விளக்கு வாங்கி ஆன்லைன்ல விக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். ஹேண்ட்லிங் டைம் 2 வேலை நாள்னு போட்டிருக்கீங்க. திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை நாள்னும் குறிச்சிருக்கீங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஓர் ஆர்டர் வருது. சனிக்கிழமை காலையிலேயே பேக் பண்ணி, லேபிளும் ஒட்டிட்டீங்க. திங்கட்கிழமை மதியம் 2 மணிக்கு பிக்கப் பண்ண ஆள் வர்றார். நீங்க ஆபீஸ்ல, வீடு பூட்டியிருக்கு. செவ்வாயும் அதே கதை. புதன்கிழமை பக்கத்து வீட்டு அக்காகிட்ட பார்சலைக் குடுத்துட்டுப் போறீங்க, அன்னிக்குத்தான் போகுது. ஆர்டர் வந்து 12 மணி நேரத்துல பேக் பண்ணியும், கணக்குப்படி நீங்க ஒரு நாள் லேட்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். லேபிள் பிரிண்ட் பண்ணினதோட உங்க வேலை முடியறதில்ல, கூரியர்காரர் பார்சலை வாங்கி ஸ்கேன் பண்ணும்போதுதான் முடியுது. சம்பள வேலையில் இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் பேக்கிங்கில் தாமதம் வர்றதில்ல. பார்சலைக் கைமாத்துற இடத்துலதான் வருது. பகல்ல பார்சலைக் குடுக்க ஆள் இல்லன்னா, போஸ்ட் ஆபீஸ்லயோ கூரியர் ஆபீஸ்லயோ வாரத்துல எந்தெந்த நாள் நீங்களே போய்க் குடுக்க முடியும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அந்த நாள்களை வச்சுத்தான் கணக்கே ஆரம்பிக்கணும்.

சரி, எத்தனை நாள் போடறது? உங்க கடைசி 20 ஆர்டரை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஆர்டர் வந்த நாளிலிருந்து முதல் ஸ்கேன் வரை எத்தனை வேலை நாள் ஆச்சுன்னு எழுதுங்க. உதாரணத்துக்கு இப்படி வருதுன்னு வச்சுக்குவோம்: 4 ஆர்டர் 1 நாள்ல போயிருக்கு, 7 ஆர்டர் 2 நாள், 5 ஆர்டர் 3 நாள், 2 ஆர்டர் 4 நாள், ஒண்ணு 5 நாள், ஒண்ணு 8 நாள்.

சராசரி 2.7 நாள் வருது. உடனே ‘அப்போ 3 நாள் போட்டுடலாம்’னு தோணும். அங்கேதான் மாட்டிக்குவோம். 3 நாள்னு போட்டிருந்தா 20-ல் 4 ஆர்டர் லேட், அதாவது 20 சதவீதம். அமேசான்ல விற்பனையாளர் தானே அனுப்பும் ஆர்டர்களில் லேட்டா அனுப்புறது 4 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். 5 நாள்னு போட்டாக்கூட ஓர் ஆர்டர் தவறி 5 சதவீதம் ஆயிடுது. சராசரியை வாக்குறுதியா வச்சா, சராசரிக்கு மேல போற ஒவ்வோர் ஆர்டரும் உடைஞ்ச வாக்குறுதிதான்.

அதுக்காக 8 நாள்னு போட்டுடாதீங்க. அந்த ஓர் ஆர்டர் ஏன் 8 நாள் ஆச்சுன்னு பாருங்க. பெரும்பாலும் ஸ்டாக்ல இருக்குன்னு காட்டின விளக்கு கையில இருந்திருக்காது, குயவர்கிட்ட புதுசா கேட்டு வாங்கியிருப்பீங்க. அது ஹேண்ட்லிங் டைம் பிரச்சினை இல்ல, ஸ்டாக் பிரச்சினை. கையில இருக்கிறதுக்கு ஒரு லிஸ்டிங், ‘சொன்ன பிறகு செய்து தருவது’க்குத் தனி லிஸ்டிங்னு பிரிச்சுட்டா, முதல் லிஸ்டிங்குக்கு 5 நாள் நிம்மதியான எண். ‘எதுக்கும் இருக்கட்டும்’னு 15 நாள் போடறதும் உண்மையான தேதி இல்லைங்க. பண்டிகைக்கு வேணும்னு தேடுறவர், நீங்க குடுத்திருக்கக்கூடிய பொருளை வாங்காமலேயே போயிடுவார்.

அந்த இரண்டாவது லிஸ்டிங்தான் கஷ்டமானது. விளக்குக்கு டிமாண்ட் உச்சத்துக்குப் போறது கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி. அதே நேரம்தான் நம்ம ஊர்ல வடகிழக்குப் பருவமழையும். மண் விளக்கைச் செஞ்ச உடனே சூளையில் வைக்க முடியாது, முழுசா காயணும். உள்ளே ஈரம் இருந்தா சூட்டுல அது ஆவியாகி விளக்கு வெடிச்சிடும். காய்ஞ்சுடுச்சான்னு பார்க்க ஒரு எளிய வழி, கன்னத்துல வச்சுப் பார்க்கிறது. சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். வெயில் காலத்துல சீக்கிரம் காயறது, நவம்பர் மழையில ரெண்டு மடங்கு நாள் எடுத்தாலும் ஆச்சரியமில்ல. காய்ஞ்ச பிறகும் உங்க 6 விளக்குக்காக மட்டும் சூளை மூட்ட மாட்டாங்க, சூளை நிறையணும். சுட்ட பிறகு ஆறவும் விடணும்.

அதனால குயவர்கிட்ட ‘எத்தனை நாள்ல கிடைக்கும் அண்ணே?’ன்னு மட்டும் கேக்காதீங்க. நீங்க நல்ல கஸ்டமர்னு ‘ஒரு வாரத்துல தர்றேன் தம்பி’ன்னு சொல்லிடுவார். ‘போன சூளை எப்ப போட்டீங்க? அடுத்தது எப்ப? போன வருஷம் ஐப்பசியில எத்தனை நாளைக்கு ஒரு தடவை போட்டீங்க?’ன்னு கேளுங்க. அந்தப் பதில்லதான் உங்க எண் இருக்கு. ஏப்ரலுக்கு வச்ச எண்ணை அக்டோபர் முதல் வாரத்துலயே மாத்துங்க. கார்த்திகைக்கு முன்னாடி போய்ச் சேராதுன்னு கணக்குல வர்ற நாளிலிருந்து அந்த லிஸ்டிங்கை மூடி வைங்க.

உள்ளூர் விடுமுறையையும் சேர்த்துக்குங்க. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படி இணைந்த நாள். ரெண்டும் இங்கே அரசு விடுமுறை. தளத்தோட காலண்டர்ல இது தானா இருக்கும்னு நம்பாதீங்க. செட்டிங்ஸ்ல போய் பாருங்க, இல்லன்னா அந்த வாரத்துக்கு மட்டும் ஒரு நாள் கூட்டி வைங்க.

இதுல சட்டமும் இருக்கு. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள்படி, சொன்ன டெலிவரி தேதியைத் தாண்டிப் பொருள் போனா, அதைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. மனுஷ சக்திக்கு மீறின காரணத்தால தாமதம் ஆனா மட்டும் விலக்கு உண்டு.

அந்த விலக்கு எதுக்குப் பொருந்தும்? 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. வீதியெல்லாம் வெள்ளம். அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அந்த வாரம் பார்சல் போகலன்னா யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா நவம்பர்ல சாதாரணமா பெய்யற மழையைக் காட்டி ‘இயற்கைச் சீற்றம்’னு சொல்றது சரியில்லைங்கிறது என் கருத்து. வருஷா வருஷம் வர்ற மழை அது. முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம் வாக்குறுதிக்குள்ள அடங்கியிருக்கணும்.

அமெரிக்காவுக்கு விற்கிறவங்களும் இதே தத்துவத்தைத் தெரிஞ்சுக்கலாம். அங்கே 1975-லிருந்து இருக்கிற விதிப்படி, ‘இத்தனை நாள்ல அனுப்புவேன்’னு சொல்ல விற்பவர்கிட்ட நியாயமான ஆதாரம் இருக்கணும். தாமதம் ஆகும்னு தெரிஞ்சா வாங்கினவருக்குச் சொல்லி, வேண்டாம்னா ரத்து பண்ற வாய்ப்பையும் தரணும். நீங்க எழுதி வச்ச அந்த 20 ஆர்டர் கணக்குதான் ஆதாரம்.

இப்போ பணக் கணக்கு. விளக்கு செட் விலை 600 ரூபாய்னு வச்சுக்குவோம். குயவருக்கு 300, பேக்கிங் 40, கூரியர் 90, கமிஷன் 80 போக உங்களுக்கு நிக்கிறது 90 ரூபாய். லேட்டா போய், வாங்கினவர் திருப்பி அனுப்பினா கமிஷன் திரும்பக் கிடைச்சாலும் போன கூரியர் 90, வர்ற கூரியர் 90, பேக்கிங் 40 சேர்த்து 220 ரூபாய் கையை விட்டுப் போகும். வர்ற வழியில விளக்கு உடைஞ்சா 520. கிட்டத்தட்ட 6 ஆர்டர் லாபம் ஒரே பார்சல்ல காலி. கார்த்திகை முடிஞ்சு திரும்பி வந்த விளக்கை அடுத்த வருஷம் வரைக்கும் வீட்டுல வச்சுக் காப்பாத்தவும் வேணும்.

இவ்வளவு பார்த்தும் சில ஆர்டர் தவறத்தான் செய்யும். அப்போ, சொன்ன தேதி வர்றதுக்கு முன்னாடியே மெசேஜ் அனுப்புங்க. ‘சூளை போட ரெண்டு நாள் தள்ளிப் போயிடுச்சு. வியாழக்கிழமை அனுப்புறேன். வேண்டாம்னா முழுப் பணமும் திருப்பித் தர்றேன்’, இவ்வளவு போதும். லேபிளை மட்டும் போட்டு ‘அனுப்பியாச்சு’ன்னு குறிச்சு நேரம் கடத்தாதீங்க. ட்ராக்கிங்ல ஸ்கேன் இல்லைன்னு வாங்கினவருக்கும் தெரியும், தளத்துக்கும் தெரியும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி கடைசி 20 ஆர்டரை எழுதிப் பாருங்க. 20 ஆர்டர் இன்னும் வரலன்னா, உங்களால முடியும்னு நினைக்கிற நாளோட ரெண்டு நாள் கூட்டி ஆரம்பிங்க. கணக்கு சேரச் சேர குறைச்சுக்கலாம்.