ரெய்லிங் ஏன்டா ஆடுது?

எங்க ஊர் தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் போற லாரி எல்லாம் எங்க கணவாய்ல இறங்கித்தான் ஆகணும். இருபது வருஷமா லாரி ஓட்டுற மாமா ஒருநாள் ஹாஸ்டலுக்கு வந்தப்போ, நண்பனோட வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட்டை மாட்டி யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 ஓட்டக் கொடுத்தோம். மலைப்பாதையில ரெண்டாவது வளைவு தாண்டினதும் கேட்டார்: "ரெய்லிங் ஏன்டா தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி ஆடுது?"

நாங்க பெருமையா SteamVR-ல ரெசல்யூஷனை 150% வெச்சிருந்தோம். அதுதான் காரணம்.

கணக்கு சிம்பிள். 90 Hz-னா ஒரு ஃப்ரேம் வரைய 11.1 மில்லிசெகண்ட்தான் நேரம். எங்க கார்டு 100%-ல 9 எடுத்தது. இந்த சதவீதம் மொத்த பிக்சல் எண்ணிக்கையைக் குறிக்கிறது. அதனால 150%-ல கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேலை, அதாவது 13.5. நேரம் தாண்டியதும் மோஷன் ஸ்மூத்திங் உள்ளே வந்து, கேமை 45 ஃப்ரேமுக்கு இறக்கி, நடுவுல ஒவ்வொரு ஃப்ரேமையும் ஊகிச்சு வரைஞ்சது. ரெய்லிங், வைப்பர், கண்ணாடி ஓரம் மாதிரி மெல்லிய பொருள் வேகமா நகர்ந்தா அந்த ஊகம் தப்பும். ஓரம் நெளியும்.

மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப் பண்ணா? ரீப்ரொஜெக்‌ஷன் மட்டும் மிஞ்சும். அது பழைய ஃப்ரேமையே உங்க தலை திரும்பின கோணத்துக்கு மாத்திக் காட்டும். தலையைத் திருப்பினா பிரச்சினை தெரியாது. ஆனா பக்கத்துல போற லாரி ரெண்டு ரெண்டா தெரியும். ஆக, நெளிஞ்சா ஸ்மூத்திங், இரட்டையா தெரிஞ்சா ரீப்ரொஜெக்‌ஷன்.

என் கருத்து இதுதான்: ஊகிச்ச ஃப்ரேமை நம்பி பிக்சலை ஏத்தாதீங்க. நின்னுட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா 150% அழகுதான். ஆனா ஓட்டுறப்போ தூரத்து போர்டைப் படிக்கணுமே!

நாங்க மாத்தினது இப்படி. Motion Smoothing ஆஃப். இண்டெக்ஸை 80 Hz-க்கு இறக்கினோம், உடனே 12.5 மில்லிசெகண்ட் கிடைச்சது. ரெசல்யூஷன் 130%, அதுக்கு ஏறக்குறைய 11.7 ஆகுது. 90 Hz-லயே இருந்திருந்தா ஏறக்குறைய 123%-க்கு மேல போக முடியாது. ரீப்ரொஜெக்‌ஷன் எப்பவாவது ஒரு ஃப்ரேம் தவறினா காப்பாத்த மட்டும் இருக்கட்டும்.

அளக்கும்போது காலி ரோட்டுல அளக்காதீங்க. மழை, ராத்திரி, டிராஃபிக் இருக்குற இடத்துல Frame Timing பாருங்க. அங்க CPU நேரம்தான் தாண்டுதுன்னா ரெசல்யூஷனைக் குறைச்சு பயனில்லை. சைடு மிரர் தரத்தையும் டிராஃபிக்கையும் குறைங்க.

அடுத்த தடவை மாமா ஓட்டினப்போ ரெய்லிங் பத்திப் பேசவே இல்லை. "இறக்கத்துல எதுக்கு நாலாவது கியர்ல வெச்சிருக்க?"னு என்னைத் திட்டினார்.