நிலைப்படியில் இடறும் கட்டைவிரல்... முழங்கால் அடிக்குப் பின் பாதம் தொங்குவது ஏன்?

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் பழைய வீடுகளுக்குள் நுழைய வேண்டுமென்றால் ஒரு நிலைப்படியைத் தாண்டியாக வேண்டும். நன்றாக நடப்பவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஆனால், பைக்கிலிருந்து விழுந்து முழங்காலில் பலமாக அடிபட்டவர்களில் சிலருக்கு, எலும்பும் தசைநார்களும் சரியான பிறகும் அந்தப் படியில் கட்டைவிரல் இடித்துக்கொண்டே இருக்கும். செருப்பின் முனை மட்டும் சீக்கிரம் தேயும். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபுட் டிராப்’. அதாவது, பாதம் தொங்கிப்போவது.

அடிபட்டது முழங்காலில். பாதம் ஏன் தொங்குகிறது?

உட்கார்ந்தபடியே உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே தொட்டுப் பாருங்கள். குமிழ் போல ஓர் எலும்பு தட்டுப்படும். அது ஃபிபுலா எலும்பின் தலை. அதற்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ‘காமன் பெரோனியல்’ என்ற நரம்பு கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் அதற்குப் பாதுகாப்பாகத் தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் இருக்கின்றன. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குக் கட்டளை இந்த நரம்பு வழியாகத்தான் போகிறது. முழங்கால் மூட்டு விலகும்போதோ, வெளிப்பக்கத் தசைநார் கிழியும்போதோ இந்த நரம்பும் சேர்ந்து இழுபட்டுவிடுகிறது. மாவுக்கட்டு இறுக்கமாகி அழுத்தினாலும் இதே பாதிப்பு வரலாம்.

நடக்கும்போது ஒரு கால் காற்றில் முன்னே வரும் நொடியில், கால்விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி மட்டுமே. தூக்கும் தசை வேலை செய்யாவிட்டால் அந்த இடைவெளி காணாமல் போகிறது. விரல் தரையில் உரசுகிறது. அதைச் சமாளிக்க, படியேறுவதுபோல முழங்காலை அதிகமாக உயர்த்தி நடப்பார்கள். பாதத்தை மெதுவாக இறக்கவும் அதே தசைதான் தேவை என்பதால், குதிகால் ஊன்றியதும் முன்பாதம் ‘தப்’ என்று தரையில் அறையும். வீட்டில் இருப்பவர்கள் முதலில் கவனிப்பது பெரும்பாலும் இந்தச் சத்தத்தைத்தான்.

எல்லாப் பாதத் தொங்கலும் முழங்காலில் தொடங்குவதில்லை. முதுகில் டிஸ்க் நரம்பை அழுத்தினாலும் இப்படி ஆகும். வித்தியாசம் தெரிய மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்வார். பாதம் தொங்கியிருக்கும் நிலையிலேயே, உள்ளங்காலை மற்ற காலை நோக்கி உள்பக்கம் திருப்பச் சொல்வார். அந்த அசைவைச் செய்யும் தசைக்கு நரம்பு வேறு. அது பலமாகத் திரும்பினால் சந்தேகம் முழங்கால் பக்கம். அதுவும் பலவீனமாக இருந்தால் முதுகுப் பக்கம். அடிபட்ட உடனே பாதம் சில்லிட்டு வெளுத்திருந்தால் அது நரம்புப் பிரச்னை மட்டுமல்ல, ரத்தக்குழாயும் சேதமடைந்திருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உலகம் பார்த்த ஒரு முழங்கால்

இந்தப் பாதிப்பு எப்படிப் போகும் என்பதற்கு எல்லோரும் பார்த்த உதாரணம், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜெய்லன் ஸ்மித். 2016 ஜனவரி 1 அன்று, கல்லூரி அணிக்காக ஆடிய போட்டியில் அவரது இடது முழங்காலின் இரண்டு தசைநார்கள் கிழிந்தன. கூடவே பெரோனியல் நரம்பும் இழுபட்டு, பாதம் தொங்கிப்போனது. தசைநார்களை அறுவை சிகிச்சையில் சரிசெய்தார்கள். நரம்புக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி அவரைத் தேர்வு செய்தும், 2016 பருவம் முழுக்க அவர் களமிறங்கவில்லை. 2017-ல் காலில் பிரேஸ் அணிந்துகொண்டு ஆடினார். நரம்பு மெல்ல மெல்லத் திரும்பியது. 2019 பருவத்தில் நட்சத்திர வீரர்களுக்கான ‘ப்ரோ பவுல்’ ஆட்டத்துக்கே தேர்வானார்.

இவ்வளவு காலம் ஏன்? சேதமான நரம்பு இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். சேதமான இடத்திலிருந்து தசை 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதை எட்டவே 4 மாதம் ஆகிவிடும். அதன் பிறகுதான் தசை பலம் பெறத் தொடங்கும். எல்லோருக்கும் ஸ்மித்துக்குத் திரும்பியதுபோல் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. முற்றிலும் அறுந்த நரம்பு தானாகச் சேராது.

பிரேஸ் என்ன செய்யும், என்ன செய்யாது?

பிரேஸ் நரம்பைக் குணமாக்காது. அதன் வேலை ஒன்றே ஒன்றுதான்: காணாமல்போன அந்த ஓரிரு சென்டிமீட்டரைத் திருப்பித் தருவது. பரவலாகக் கிடைக்கும் ஏ.எஃப்.ஓ. என்பது ‘L’ வடிவத்தில், கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கிப் பாதத்துக்கு அடியில் நீளும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. கால் காற்றில் இருக்கும்போது பாதத்தைத் தொங்கவிடாமல் செங்கோணத்தில் பிடித்துக்கொள்கிறது. குதிகாலுக்கு மேலுள்ள பெரிய தசைநார் சுருங்கி இறுகாமலும் காக்கிறது. அது இறுகிவிட்டால், பிறகு நரம்பு திரும்பினாலும் பாதம் மேலே வராது.

அளவெடுக்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதன் மேல் விளிம்பு. அது ஃபிபுலா குமிழுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறி அழுத்தினால், ஏற்கெனவே அடிபட்ட அதே நரம்பை பிரேஸே நசுக்கும். பாதத்தின் மேல்புறம் மரத்திருப்பதால் உரசலும் புண்ணும் வலியில் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒரு மணி நேரம் அணிந்து, கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் சரி. மறையாவிட்டால் பிரேஸைத் திருத்தச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தத் தகடு ஷூவுக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். திறந்த செருப்பில் நிற்காது. டைல்ஸ் தரையிலும் கோயில் பிராகாரத்தின் கல் தரையிலும் வெறுமனே ஊன்றினால் வழுக்கும். ஆனால், நாம் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். வெளியில் போட்டுக்கொண்டு வீட்டில் கழற்றிவிடுபவர்கள் இடறி விழுவது வீட்டு நிலைப்படியில்தான். வீட்டுக்கென்று தனியாக, பின்பட்டை உள்ள ஒரு ஜோடி ஷூ வைத்துக்கொள்ளலாம். அல்லது, கணுக்காலில் சுற்றிய பட்டையிலிருந்து எலாஸ்டிக் கயிறு முன்பாதத்தை மேலே இழுக்கும் வகை பிரேஸ் கேட்கலாம். அதில் வெறுங்காலுக்கானதும் உண்டு. அது மிதமான தொங்கலுக்குப் போதும். முற்றிலும் செயலிழந்த பாதத்தைத் தாங்காது. வலது பாதம் தொங்கினால், பிரேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவர் சொல்லும் வரை பைக், கார் ஓட்டக் கூடாது. இரண்டிலும் பிரேக் மிதிப்பது அந்தப் பாதம்தான்.

நரம்பு திரும்பாவிட்டால்?

அடிபட்ட மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின் ‘ஈ.எம்.ஜி.’ என்ற நரம்பு-தசைப் பரிசோதனை செய்தால் சேதம் எவ்வளவு என்று தெரியும். மூன்று மாதங்களாகியும் கொஞ்சமும் அசைவு திரும்பாவிட்டால் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்ப்பது அவசியம். ஆறு மாதங்களுக்கு மேல் தள்ளிப்போகப் போக, நரம்பைத் தைப்பதன் பலன் குறைந்துகொண்டே போகும்.

அந்தக் காலம் கடந்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசை உயிரோடு இருக்கிறது அல்லவா? அதன் தசைநாரைப் பாதத்தின் மேல்புறத்துக்குக் கொண்டுவந்து பொருத்திவிட்டால், அது பாதத்தைத் தூக்கப் பழகிக்கொள்ளும். தொழுநோயும் முழங்காலருகே இதே நரம்பைத்தான் தாக்குகிறது. அதனால் பாதம் தொங்கியவர்களுக்கு வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் பல பத்தாண்டுகளாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைதான் இது. கணுக்கால் இறுகாமல் இருந்தால்தான் இதற்கும் பலன் கிடைக்கும். இன்று சலிப்போடு மாட்டிக்கொள்ளும் பிரேஸும், தினமும் துண்டால் பாதத்தை மேலே இழுத்துச் செய்யும் பயிற்சியும் அந்தக் கணுக்காலை இளக்கமாக வைத்திருக்கத்தான்.