நாற்பது பஸ்ஸுக்கு எத்தனை கேவிஏ?

சென்னை வியாசர்பாடி பணிமனையில் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையும் சேர்ந்துகொண்டது. அங்கே வந்தது இங்கே வராமலா போகும்? விழுப்புரம் கோட்டத்தின் கடலூர், சிதம்பரம் பணிமனைகளுக்கும் ஒருநாள் மின்சார பஸ் வரும். அப்போது "எத்தனை சார்ஜர், எவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர்?" என்று ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் எழுதினால், அதற்கான பணத்தை மாதாமாதம் நாம்தான் கட்டுவோம். ஆகவே இப்போதே என் கருத்தைச் சொல்லி வைக்கிறேன்.

குடிகாடு சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே நாங்கள் தினமும் பார்த்த விஷயம் ஒன்று உண்டு. மோட்டார்களின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எண்களையெல்லாம் கூட்டினால் ஒரு தொகை வரும். மீட்டர் காட்டுவது அதில் பாதிகூட இருக்காது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு ஓடுவதில்லை. பஸ் பணிமனைக்கும் இதே கதைதான்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நானூறு பேர் சாப்பிட வேண்டும் என்பதற்காக நானூறு நாற்காலி போடும் மண்டபத்தை யாரும் தேடுவதில்லை. எத்தனை பேர், ஒரு பந்திக்கு எவ்வளவு நேரம், முகூர்த்தம் முடிந்து கூட்டம் கலைய எத்தனை மணி ஆகும் என்று பார்ப்போம். நூறு நாற்காலியில் நான்கு பந்தி போட்டு முடித்துவிடுவோம். சார்ஜர் கணக்கும் இவ்வளவுதான். மொத்தம் எத்தனை யூனிட் ஊற்ற வேண்டும், அதற்கு ராத்திரியில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்ற இரண்டையும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். சார்ஜரின் பலம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு பணிமனையைக் கற்பனை செய்வோம். கடலூர் நகரப் பேருந்துகள் நாற்பது. ஒவ்வொன்றிலும் 250 யூனிட் பேட்டரி. பேட்டரியை அடியோடு காலி செய்யக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கையாவது மிச்சம் வைக்க வேண்டும். ஆக ஒரு நாளில் செலவாவது 200 யூனிட். ஏசி இல்லாத பெரிய பஸ் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1.1 யூனிட் தின்னும் என்று வைத்தால் அது 180 கிலோமீட்டர் ஓட்டம். நகரப் பேருந்துக்குப் போதும்.

பேட்டரிக்குள் 200 யூனிட் போக வேண்டுமென்றால் மீட்டரில் அதைவிடக் கூடுதலாக ஓடும். சார்ஜரும் கேபிளும் சூடாவதிலேயே கொஞ்சம் போய்விடும். நூற்றுக்கு ஏழு என்று வைத்தால் பஸ்ஸுக்கு 215 யூனிட். நாற்பது பஸ்ஸுக்கு ஒரு ராத்திரிக்கு 8,600 யூனிட்.

இப்போது நேரத்தைப் பார்ப்போம். பஸ்கள் ராத்திரி பத்தரை வாக்கில் அடைந்து, காலை நாலரைக்குக் கிளம்பத் தொடங்குகின்றன. காகிதத்தில் ஆறு மணி நேரம். ஆனால் வந்த வண்டி கலெக்‌ஷன் கட்ட வேண்டும், கழுவ வேண்டும், இடம் பார்த்து நிறுத்த வேண்டும், கன்னை மாட்ட வேண்டும். ஐந்து மணி நேரம் சார்ஜ் ஏறினால் பெரிய விஷயம். 8,600ஐ ஐந்தால் வகுத்தால் 1,720 கிலோவாட். விளக்கு, பட்டறை, கம்ப்ரசர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரு 60 சேர்த்தால் 1,780. பவர் ஃபேக்டர் 0.95 என்றால் ஏறக்குறைய 1,875 கேவிஏ. டிரான்ஸ்ஃபார்மரை ராத்திரி முழுதும் முக்கிமுனக விடக் கூடாது. முக்கால் பங்குக்குச் சற்று மேல் பாரம் இருந்தால் அது நீண்ட நாள் உழைக்கும். எனவே 1,250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, ஆக 2,500. இந்தப் பணிமனைக்கு அது போதும்.

இதே நாற்பது பஸ்ஸுக்குச் சார்ஜர் விற்பவர் வேறு கணக்குப் போடுவார். "ரெண்டு பஸ்ஸுக்கு ஒரு சார்ஜர், 240 கிலோவாட், இரண்டு கன், வேகமா ஏறும் சார்!" என்பார். இருபது சார்ஜர், ஒவ்வொன்றும் 240. மொத்தம் 4,800 கிலோவாட். இதைத் தாங்க 5,000 கேவிஏவுக்கு மேல் வேண்டும். ஊற்ற வேண்டிய யூனிட் என்னவோ அதே 8,600தான். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஏறிவிடும், மீதி ராத்திரி சார்ஜர்கள் சும்மா நிற்கும்.

சும்மா நின்றால் என்ன என்று கேட்கலாம். மின்வாரியத்தின் உயரழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு மட்டும் காசு இல்லை, டிமாண்ட் சார்ஜ் என்று தனியாக உண்டு. நீங்கள் ஒப்பந்தம் போட்ட கேவிஏவில் நூற்றுக்கு 90 பங்கு, அல்லது அந்த மாதம் மீட்டர் காட்டிய உச்சம், இவற்றில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். கணக்குக்கு கேவிஏ ஒன்றுக்கு மாதம் 600 ரூபாய் என்று வைப்போம். 2,000 கேவிஏ ஒப்பந்தத்துக்கு மாதம் குறைந்தது 10 லட்சத்து 80 ஆயிரம். 5,000 கேவிஏ ஒப்பந்தத்துக்கு 27 லட்சம். வித்தியாசம் மாதம் 16 லட்சத்துக்கு மேல், வருஷத்துக்கு இரண்டு கோடியை நெருங்கும். ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாக ஓடாமல் இந்தப் பணம் போகும்.

ஆகவே என் கட்சி இது: வேகமான சார்ஜர் சிலவற்றைவிட, மெதுவான கன் நிறைய வேண்டும். 120 கிலோவாட் சார்ஜர் இருபது, ஒவ்வொன்றிலும் இரண்டு கன். நாற்பது பஸ்ஸுக்கு நாற்பது கன். ஒவ்வொரு கன்னும் 60 கிலோவாட் வரை கொடுக்கும். 240 கிலோவாட் சார்ஜர் பத்து வாங்கினாலும் மொத்தப் பலம் அதே 2,400தான். ஆனால் கன் இருபதுதான் இருக்கும். அப்போது நடுராத்திரி ஒன்றரை மணிக்கு யாராவது எழுந்து, ஏறி முடிந்த இருபது பஸ்ஸை எடுத்துவிட்டு, காத்திருக்கும் இருபது பஸ்ஸைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். காகிதத்தில் இது சுலபம். மழைக்கால ராத்திரியில் இரண்டு ஆள் விடுப்பு போட்டால், காலையில் பாதி ஏறிய பஸ்தான் வெளியே போகும்.

இந்தத் திட்டத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. நாற்பது கன்னும் ஒரே சமயத்தில் முழு 60ஐ இழுத்தால், வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 2,580 கிலோவாட் ஆகும். நம் டிரான்ஸ்ஃபார்மர்கள் தாங்காது. அதனால் சார்ஜர்களையெல்லாம் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியின் கீழ் கொண்டுவந்து, மொத்தம் 1,800ஐத் தாண்டாமல் பங்கிட வேண்டும். நாற்பதும் மாட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 40 சொச்சம் கிடைக்கும், ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். கடைசியாக வந்து முதலில் கிளம்பும் பஸ்ஸுக்கு முழு 60. ஆறு மணிக்குக் கிளம்பும் பஸ் பொறுத்திருக்கலாம். இந்தக் கருவி இல்லாமல் சார்ஜர் வாங்கினால் நான் சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. டெண்டரில் இதை முதல் வரியாக எழுத வேண்டும்.

ராத்திரி ஒரு மணி நேரம் கரண்ட் போனால்? அதே 8,600 யூனிட்டை நான்கு மணி நேரத்தில் ஊற்ற வேண்டும். அப்போது தேவை 2,300 கேவிஏவைத் தாண்டும். டிரான்ஸ்ஃபார்மர் 2,500 என்பதால் அன்று ஒரு ராத்திரி தாங்கும். ஒப்பந்த அளவைத் தாண்டியதற்கு அபராதம் வரும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் ஆறு மணி பஸ்களைக் கடைசிக்குத் தள்ளலாம். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதானால் மற்றது ஆறு மணி நேரம் ஓடி முப்பது பஸ்ஸுக்குச் சார்ஜ் போட்டுவிடும். 2,500இல் ஒன்றே ஒன்று வாங்கியிருந்தால் அன்று ஒரு பஸ்ஸும் கிளம்பாது.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? மாதா மாதம் பில்லில் உச்சத் தேவையைப் பாருங்கள். அது 1,900ஐச் சுற்றி நின்றால் நல்லது. 1,200தான் வருகிறது என்றால் ஒப்பந்தத்தைக் குறைக்க எழுதிக் கொடுக்கலாம். காலை நாலரைக்கு எத்தனை பஸ் நூறு சதவீதம் ஏறாமல் கிளம்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். மே மாதத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் சூட்டையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் ராத்திரியிலும் வெக்கை இறங்காது.

டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, இதே மாதிரி சிதம்பரம் பஸ்ஸுக்கும் போட்டுறலாமா?" போட முடியாது தம்பி என்றேன். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நாலு தடவை போய் வந்தால் 360. அதற்கு 400 யூனிட் வேண்டும். பேட்டரியில் செலவழிக்கக் கூடியது 200தான். ராத்திரி எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் பேட்டரி கொள்ளுகிற அளவுதான் ஏறும். அந்தத் தடத்துக்கு மதியம் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் நிறுத்தி ஏற்ற வேண்டும். அங்கேதான் 240 கிலோவாட் சார்ஜருக்கு வேலை இருக்கிறது. பஸ்நிலையத்தில் ஒன்றிரண்டு போதும். பேட்டரி பழசாகி 250 என்பது 200 ஆகும்போது நகரப் பேருந்துக்கும் இந்த மதியச் சார்ஜ் தேவைப்படும்.

கடைசியாக, நம் மாவட்டத்துக்கென்று இரண்டு விஷயம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டது. எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்பதும் தெரியும். டிரான்ஸ்ஃபார்மரும் சார்ஜரும் அந்த அளவுக்கு மேலே மேடை கட்டி நிற்க வேண்டும். அதோடு, 1,800 கிலோவாட்டுக்கு ஜெனரேட்டர் வைப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே எல்லா டீசல் பஸ்ஸையும் ஒரேயடியாகக் கழித்துக் கட்டாமல் ஒவ்வொரு பணிமனையிலும் சிலவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். புயல் அடித்த மறுநாள் ஜனங்களை ஏற்றிப் போக அவைதான் வரும்.

மின்சார பஸ் வரட்டும். அதற்கு முன் பணிமனையின் வருகை, புறப்பாட்டு நேரப் பட்டியலை யாராவது கையில் எடுத்து, நான் மேலே போட்ட வகுத்தலைப் போட்டுப் பார்க்கட்டும். சார்ஜர் விற்பவரின் விலைப்பட்டியலை அதற்குப் பிறகு பிரித்தால் போதும்.