அம்மம்மாவுக்கும் ஊசி அட்டை வேண்டும்

கனடாவின் ஒன்ராறியோவில் பல வீடுகளில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். பிள்ளைக்கு எந்த ஊசி எந்த நாளில் போட்டது என்று அதில் எழுதியிருக்கும். அம்மா அதைக் கவனமாக வைத்திருப்பார். ஆனால் அம்மம்மாவின் அட்டை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கேன் பிள்ளை ஊசி? நான் என்ன குழந்தைப்பிள்ளையே?" என்று அவர் சிரிப்பார். அவருக்கும் ஓர் அட்டை வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்கு 15 மாதத்தில் கொப்பளிப்பான் ஊசி போட்டிருப்பார்கள். சின்னம்மை என்பதும் இந்த நோயைத்தான். 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் இன்னொரு முறை போடுவார்கள். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் சிறுமியாக இருந்தபோது இந்த ஊசியே இல்லை. அவருக்குக் கொப்பளிப்பான் வந்தது. வேப்பிலையில் படுக்க வைத்தார்கள், மாறிவிட்டது.

நோய் மாறியது, ஆனால் கிருமி போகவில்லை! அது முதுகெலும்புக்குப் பக்கத்தில், நரம்புகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. உடம்பின் காவல் அதை எழும்ப விடாமல் பார்த்துக்கொள்ளும். வயது போகப் போக அந்தக் காவல் தளரும். அப்போது கிருமி எழும்பி, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். இதற்குப் பெயர் அக்கி. இங்கே பலரும் 'சிங்கிள்ஸ்' என்கிறார்கள்.

அக்கியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஓர் இடத்தில் எரியும், குத்தும். சில நாளில் அங்கே கொப்புளங்கள் வரும். பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டி கட்டியதுபோல இருக்கும். கொப்புளம் வந்து மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் நல்லது. கண்ணுக்குக் கிட்ட வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். கொப்புளம் காய்ந்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி இருக்கும். சட்டை பட்டாலே நோகும்.

இதற்கும் ஊசி இருக்கிறது. இரண்டு முறை போட வேண்டும். இரண்டுக்கும் இடையில் 2 முதல் 6 மாதம் விட வேண்டும். அம்மம்மா மார்ச் மாதம் முதல் ஊசி போட்டால், அடுத்ததை மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில் போடலாம். கை நோகும், ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம். அதனால் சிலர் இரண்டாவது ஊசிக்குப் போவதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஊசியோடு நின்றால் பாதுகாப்புக் குறைவு. ஊசி போட்டாலும் சிலருக்கு அக்கி வரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.

ஒன்ராறியோவில் 65 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த ஊசி இலவசம். அந்த வயது தாண்டினால் பெரும்பாலானோர் காசு கட்ட வேண்டும். இதை யார் அம்மம்மாவுக்குச் சொல்வது? ஆங்கிலக் கடிதம் அவருக்கு விளங்காமல் போகலாம். நீங்கள் ஒரு தாளில் அவருடைய பெயர், வயது, ஊசி போட்ட நாள், அடுத்த நாள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடலாம். அப்பப்பாவுக்கு வேறு தாள்.